வளவில் நிற்கும் மணப்பெண்: பார்ப்பவர் கண்ணை முகத்துக்குக் கொண்டுவரும் விக்னெட், டாட்ஜ், பர்ன்

கேள்வி: காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஸ்டூடியோவில் எடுத்த மணப்பெண் படத்தை ஃபோட்டோஷாப்பில் வெட்டி, ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டு வளவின் படத்தில் வைத்தேன். வெட்டு சுத்தமாக இருக்கிறது, நிறமும் ஒத்துப்போகிறது. ஆனாலும் பார்ப்பவர் கண் முற்றத்து வெளிச்சத்துக்கும் தரைக் கல்லுக்கும்தான் போகிறது. விக்னெட் போட்டால் பெண் ஒட்டவைத்த மாதிரி தெரிகிறாள். டாட்ஜ், பர்ன் எப்படிச் செய்தால் சரியாகும்?

பதில்:

நீங்கள் போட்ட விக்னெட் பெரும்பாலும் மணப்பெண் லேயருக்குக் கீழே, பின்னணியின் மேல் மட்டும் இருக்கும். முகம் மங்கிவிடக் கூடாது என்று பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். விளைவு என்னவென்றால், படத்தின் அடிப்பக்கத்தில் தரை இருண்டுவிடுகிறது, அதே உயரத்தில் இருக்கும் சேலைக் கரை மட்டும் ஸ்டூடியோ வெளிச்சத்தில் பளிச்சென்று நிற்கிறது. ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு பொருள்கள்மேல் இரண்டு வேறு வெளிச்சம் விழுந்தால், வெட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கண் அதைப் பிடித்துவிடும்.

ஒரு படத்தில் இருட்டு இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, அந்த இடத்துக்கே உரிய இருட்டு. வளவின் திறந்த முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம் தூண் வரிசையைத் தாண்டி உள்ளே போகப் போகக் குறைகிறது, அறை வாசலுக்குள் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. இது பொருள்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. மற்றது லென்ஸ் தரும் ஓர இருட்டு. அது பொருளைப் பார்ப்பதில்லை. படத்தின் ஓரத்தில் எது வந்தாலும், ஆளானாலும் சுவரானாலும், ஒரே அளவில் மங்கவைக்கும். முதல் வகையைப் பெண்ணுக்குக் கீழேயும் பெண்ணுக்குள்ளேயும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இரண்டாவது வகை எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும். இந்த அடுக்கு வரிசை சரியாக அமைந்தாலே உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

பேசுவதற்கு வசதியாக உங்கள் படத்தை இப்படி வைத்துக்கொள்கிறேன்: 6000 × 4000 பிக்சல், அகலவாட்டுப் படம். இடப்பக்கம் திறந்த முற்றம். வலப்பக்கம் தேக்குத் தூண்களோடு பத்தி உள்நோக்கிப் போகிறது. பெண் வலது மூன்றில் ஒரு பங்குக் கோட்டில், முகத்தை முற்றத்தின் பக்கம் லேசாகத் திருப்பி நிற்கிறாள். ஸ்டூடியோவில் சாஃப்ட்பாக்ஸும் அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வந்திருந்தால் டாட்ஜ், பர்ன் எதுவும் கைகொடுக்காது. முதலில் பின்னணியை இடவலமாகத் திருப்புங்கள். பெண்ணைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தியும் பக்கம் மாறும், வீட்டார் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். பின்னணியைத் திருப்பும்போது நிலைக்கு மேல் பெயரோ ஆண்டோ எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னால் கண் எங்கே போகிறது என்பதை அளந்துவிடுங்கள். எல்லா லேயருக்கும் மேலே ஒரு Threshold லேயர் போட்டு, அளவை 128-லிருந்து மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். படம் கறுப்பாகிக்கொண்டே வரும். கடைசிவரை வெள்ளையாக எஞ்சி நிற்பவைதான் படத்தின் மிக வெளிச்சமான இடங்கள். வளவுப் படங்களில் பெரும்பாலும் முற்றத்துத் தரை, தூணுக்குப் பக்கத்தில் விழும் ஒரு வெயில் பட்டை, சுண்ணாம்புச் சுவரின் மினுக்கு, சேலை ஜரிகை ஆகியவை எஞ்சும். இன்னொரு இடத்தையும் மறக்காமல் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். அந்தக் கோட்டின் கடைசியில் பின்வாசல் திறந்திருந்தால், அது சின்ன வெள்ளைச் சதுரமாகத் தெரியும். எல்லாத் தூண்களும் தளக் கோடுகளும் அதை நோக்கியே ஓடுவதால் அளவில் சிறிதானாலும் அதன் இழுப்பு பெரிது.

பார்த்தபின் Threshold லேயரை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு லேயராகப் பிரதியெடுத்து (Ctrl+Alt+Shift+E) அதற்கு 40 பிக்சல் Gaussian Blur கொடுத்துப் பாருங்கள். விவரம் எல்லாம் மறைந்து வெளிச்சத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். பெண்ணின் முகம் இருக்கும் இடம் ஒரு தனித் திட்டாகத் தெரியாவிட்டால், அதுதான் நீங்கள் சரிசெய்ய வேண்டியது. இந்த மங்கல் பிரதியை அழித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் இதே சோதனையை மறுபடி செய்யலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணை முகத்துக்கு இழுக்க முகத்தையே படத்தின் மிக வெளிச்சமான இடமாக்க முயலாதீர்கள். நம் ஊர்த் தோல் நிறம் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரைவிட எப்போதும் அடர்த்தியானது. சுவரோடு போட்டி போட முகத்தை டாட்ஜ் செய்துகொண்டே போனால் தோல் சாம்பல் பூத்து, மாவு பூசியதுபோல் ஆகிவிடும். பெண்ணின் நிறத்தையும் மாற்றிவிட்டிருப்பீர்கள். அது சரியல்ல, அதற்குத் தேவையும் இல்லை. கண் தேடுவது வெளிச்சத்தை மட்டும் அல்ல, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வேறுபாட்டையும்தான். முகத்தை ஏறக்குறைய அப்படியே விட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கீழே இறக்குங்கள்.

எவ்வளவு இறக்குவது என்பதை Info பேனலில் Lab அளவு வைத்து, ஐட்ராப்பரின் Sample Size-ஐ 11 by 11 Average என்று மாற்றிப் பாருங்கள். L என்பது 0 முதல் 100 வரை போகும். வெளிச்சம் படும் கன்னம் L 62 என்று இருந்தால், அதற்குப் பின்னால் தெரியும் சுவர் 42-லிருந்து 45-க்குள் இருப்பது நல்ல தொடக்கம். வெள்ளைச் சுவர் 45-க்கு இறங்கினால் அழுக்காகத் தெரியாதா என்று தோன்றும். படத்தில் வேறு எங்காவது அதே சுவரின் ஒரு சிறு பகுதி வெளிச்சத்தில், 80-க்குப் பக்கத்தில் இருந்தால் அழுக்காகத் தெரியாது. நிழலில் நிற்கும் வெள்ளைச் சுவர் என்று கண் தானாகப் புரிந்துகொள்ளும். அந்த ஒரு பகுதியையும் சேர்த்து இருட்டாக்கினால்தான் வீடு முழுவதும் புகை படிந்ததுபோல் ஆகும்.

இனி பின்னணி பர்ன். பின்னணி லேயருக்கு மேலே, பெண் லேயருக்குக் கீழே ஒரு Curves லேயர் போடுங்கள். நடுப்புள்ளியில் Input 128, Output 92 என்று வையுங்கள். எஸ்ஆர்ஜிபி படத்தில் இது நடுச்சாயலில் சரியாக ஒரு ஸ்டாப் குறைப்பு. பாதி ஸ்டாப் வேண்டுமானால் 109. லேயரின் கலப்பு முறையை Luminosity ஆக்குங்கள். Normal-இல் விட்டால் இருட்டாகும் இடமெல்லாம் நிறம் அடர்ந்து, ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் கத்த ஆரம்பிக்கும்; எதை அடக்கப் போனீர்களோ அதுவே கண்ணை இழுக்கும். பிறகு மாஸ்க்கை Ctrl+I போட்டுக் கறுப்பாக்கி, வெள்ளை நிற பிரஷ்ஷால் தீட்டுங்கள். பிரஷ் 1200 முதல் 1500 பிக்சல், Hardness 0, Opacity 100, Flow 5. ஒரே இழுப்பில் இருட்டு வரக் கூடாது. பல இழுப்புகளில் மெல்ல ஏற வேண்டும்.

எங்கே தீட்டுவது என்பதுதான் முக்கியம். பெண்ணின் உருவ ஓரத்தைச் சுற்றித் தீட்டாதீர்கள். உருவத்தை ஒட்டியே ஓர் இருட்டோ வெளிச்சமோ ஓடினால் அது ஒளிவட்டமாகத் தெரியும், ஒட்டுப்படம் என்பதைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளமே அதுதான். பெண் லேயரின் கண் குறியை அணைத்துவிட்டு, வெறும் வளவை மட்டும் பார்த்துத் தீட்டுங்கள். அப்போது உங்கள் கை சுவரின் போக்கிலும் தூண்களின் போக்கிலும் போகும். பத்தியின் உட்கோடிச் சுவரை நன்றாக இறக்குங்கள். தூண்களில் முற்றத்தைப் பார்க்கும் பக்கத்தை விட்டுவிட்டு, உள்பக்கத்தை மட்டும் இறக்குங்கள். உத்தரத்துக்கு அடியில் எப்படியும் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும், அங்கே தாராளமாகத் தீட்டலாம். கோட்டின் முடிவில் இருக்கும் பின்வாசல் சதுரத்தைச் சிறிய பிரஷ்ஷால் தனியாகக் கவனியுங்கள். அல்லது பெண்ணைச் சற்று நகர்த்தி அவள் தோளுக்குப் பின்னால் அந்தச் சதுரம் மறையும்படி வையுங்கள். அப்படிச் செய்தால் அந்தக் கோடுகளெல்லாம் அவளை நோக்கி ஓடுவதாக மாறிவிடும். முடிந்தால் இதுவே சிறந்த வழி.

முகத்துக்குப் பின்னால் சுவர் ஒரே சீராக இருட்டாக இருக்க வேண்டியதில்லை. வெளிச்சம் படும் கன்னத்துக்குப் பின்னால் சுவர் இருட்டாகவும், நிழல் பக்கத்துக் கன்னத்துக்குப் பின்னால் சுவர் சற்று வெளிச்சமாகவும் இருந்தால் முகத்தின் இரண்டு ஓரமும் பின்னணியிலிருந்து தானாகப் பிரிந்து நிற்கும். உங்கள் படத்தில் நிழல் பக்கம் வலப்பக்கம். அங்கே சுவரை L 50 வரை விட்டுவைக்கலாம். முற்றத்து வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்புவது வளவில் இயல்பாக நடப்பதுதான், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். அதனால் இது போலியாகத் தெரியாது.

முற்றத்துத் தரையைப் பற்றி ஒன்று. மூன்று நிறத்திலும் 255-ஐத் தொட்டு வெந்துபோன இடத்தை பர்ன் செய்தால், விவரம் திரும்பாது. தட்டையான சாம்பல் நிறம்தான் வரும். வெயில் தரை சாம்பலாக இருப்பதைவிட அசிங்கமான ஒன்று இல்லை. பின்னணியின் ரா ஃபைல் இருந்தால் அதை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் குறைத்து இன்னொரு முறை திறந்து, முற்றத்துப் பகுதியை மட்டும் மாஸ்க்கில் கொண்டுவாருங்கள். ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால், இளமஞ்சள் சாய்ந்த ஒரு Solid Color லேயரை (235, 222, 200 போல) Multiply முறையில் அந்த இடத்தில் மட்டும் விடுங்கள். வெளிச்சம் குறைவது கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் வெயிலின் சாயல் இருக்கும். அதுவும் போதாவிட்டால் இடப்பக்கத்தை வெட்டி அந்தத் திட்டின் பரப்பைக் குறைப்பதுதான் நேர்மையான வழி.

தரைக் கல்லின் சிக்கல் வேறு. ஆத்தங்குடிக் கல் வெளிச்சத்தால் மட்டும் இழுப்பதில்லை. வெள்ளையும் கறுஞ்சிவப்பும் மாறி மாறி வரும் கோலத்தால் இழுக்கிறது. அதை வெறுமனே இருட்டாக்கினால் கோலம் அப்படியேதான் இருக்கும். அதனால் தரைக்குத் தனியாக இன்னொரு Curves: நடுப்புள்ளியைத் தொடாமல், வலக்கோடியில் இருக்கும் வெள்ளைப் புள்ளியை மட்டும் Output 200-க்கு இறக்குங்கள். கல்லின் வெள்ளை இறங்கி, கறுப்பு அப்படியே நிற்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் குறையும். படத்தின் அடி ஓரத்தில் இதை முழுதாகவும், பெண்ணின் காலடியை நெருங்க நெருங்கக் குறைத்தும் தீட்டினால் தரை கண்ணைப் பிடித்து நிறுத்தாமல் அவளிடம் அனுப்பும். கல்லின் அழகை முழுக்க அடக்க வேண்டாம். அந்தக் கல்லுக்காகத்தானே வீட்டார் வளவைக் கேட்டார்கள்.

அடுத்து பெண்ணுக்குள் செய்யும் வேலை. பெண் லேயருக்கு மேலே ஒரு Curves லேயர் போட்டு Ctrl+Alt+G கொடுத்தால் அது பெண்ணோடு மட்டும் கிளிப் ஆகும். முதலில் இடுப்பிலிருந்து கீழே. ஸ்டூடியோவில் பாதம் வரை ஒரே சீராக வெளிச்சம் விழுந்திருக்கும். வளவில் பத்திக்குள் நிற்பவருக்கு வெளிச்சம் மேலிருந்து சாய்வாக வருவதால் கீழே போகப் போகக் குறையும். 128-ஐ 109 ஆக்கி, மாஸ்க்கில் மேலிருந்து கீழாக ஒரு நேர் கிரேடியண்ட் இழுங்கள்: இடுப்பில் கறுப்பு, பாதத்தில் வெள்ளை. இந்த ஒரு இழுப்பிலேயே பெண் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் தெரியும். அதே முறையில் வலப்பக்க ஓரத்தை, தோளிலிருந்து முந்தி விழும் பக்கம் வரை, லேசாக இறக்குங்கள்.

ஜரிகையும் நகையும் முகத்தோடு நேரடியாகப் போட்டி போடுபவை. கழுத்திரு போட்ட மணப்பெண் என்றால் மார்பில் பொன் முழுக்க முழுக்க மின்னும், கண் அங்கேயே தங்கிவிடும். மொத்தமாக இருட்டாக்கினால் பொன் பித்தளை ஆகிவிடும். மினுக்கின் உச்சியை மட்டும் தொட வேண்டும். கிளிப் செய்த இன்னொரு Curves லேயரில் வெள்ளைப் புள்ளியை Output 215-க்கு இறக்கி, அந்த லேயரின் பெயருக்கு வலப்பக்கம் இருக்கும் வெற்றிடத்தில் இருமுறை சொடுக்கி Blend If பகுதிக்குப் போங்கள். Underlying Layer பட்டையின் கறுப்பு முக்கோணத்தை Alt அழுத்திப் பிளந்து, ஒரு பாதியை 150-லும் மறு பாதியை 200-லும் வையுங்கள். இப்போது 150-க்குக் கீழே இருக்கும் பொன்னின் உடல் நிறம் அப்படியே இருக்கும், மினுக்கு மட்டும் அடங்கும். மாஸ்க்கைக் கறுப்பாக்கி, கழுத்திருவின் கீழ்ப்பகுதியிலும் கை வளையலிலும் சேலைக் கரையிலும் மட்டும் தீட்டுங்கள். காதுத் தோடு, மூக்குத்தி, நெற்றிச்சுட்டி ஆகியவற்றின் மினுக்கை விட்டுவிடுங்கள். அவை முகத்துக்கு அருகில் இருப்பதால் கண்ணை முகத்திடமே சேர்க்கும்.

முகத்தில் டாட்ஜ் மிகக் குறைவாகப் போதும். Curves-இல் 128-ஐ 146 ஆக்கி, Luminosity முறையில், கறுப்பு மாஸ்க்கில் 150 முதல் 250 பிக்சல் பிரஷ், Flow 3. வெளிச்சம் ஏற்கெனவே படும் இடங்களில் மட்டும்: நெற்றியின் இடப்பக்கம், கன்ன மேடு, மூக்குத்தண்டு, கீழுதட்டின் நடு. நிழல் பக்கக் கன்னத்தை வெளிச்சமாக்காதீர்கள். அப்படிச் செய்தால் வெளிச்சத்தின் திசை குலைந்து முகம் தட்டையாகிவிடும். கண்ணின் வெள்ளையைத் தொடாமல், கருவிழியில் வெளிச்சம் விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துக் கீழ்ப்பாதியை மட்டும் இரண்டு தொடுதல் ஏற்றலாம். கன்னத்தின் L அளவு வேலைக்கு முன்பு 62 இருந்தால், முடிந்தபின் 65-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டியிருந்தால் பின்னணியை இன்னும் இறக்கவில்லை என்று பொருள். அங்கே திரும்பிப் போங்கள்.

முற்றத்தைப் பார்க்கும் இட ஓரத்தில், தலைமுடியிலும் தோளிலும் கையிலும், 20 முதல் 30 பிக்சல் அகலத்துக்கு மெல்லிய டாட்ஜ் கொடுத்தால் முற்றத்து வெளிச்சம் அவள்மேல் வழிவதுபோல் தெரியும். இதைச் செய்வதற்கு முன் அந்த ஓரத்தை 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்டூடியோப் பின்னணியின் மிச்சம் ஒரு பிக்சல் ஓடினாலும் டாட்ஜ் அதை வெள்ளை நூலாகக் காட்டிவிடும்.

இப்போது மேல் அடுக்கு. பெண்ணுக்கும் பின்னணிக்கும் மேலே, எதனோடும் கிளிப் செய்யாமல் ஒரு பர்ன் Curves லேயர், 128-க்கு 109, கறுப்பு மாஸ்க். இதில் தீட்டும் ஒவ்வொரு இழுப்பும் பெண்ணின் உருவ எல்லையைக் கடந்து போக வேண்டும். தரையிலிருந்து தொடங்கி, சேலைக் கரையைக் கடந்து, மறுபக்கத் தரையில் முடியுங்கள். தூணின் நிழல் பக்கத்திலிருந்து முழங்கை வரை ஓர் இழுப்பு. ஒரே நிழல் இரண்டு லேயர்களின் மேலும் தடையில்லாமல் படரும்போதுதான் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதைக் கண் ஏற்றுக்கொள்கிறது. கூட்டுப்படத்தைத் தைப்பது இந்த லேயர்தான், பலரும் இதைப் போடுவதே இல்லை. காலடியில் தரையைத் தொடும் அடர்ந்த நிழல் இதற்கு முன்பே தனி லேயரில் இருக்க வேண்டும்; இந்த பர்ன் அதற்கு மாற்று ஆகாது. கல் நன்றாக மெருகேறிப் பளபளப்பது என்றால் பெண்ணின் மங்கிய பிரதிபலிப்பும் இல்லாமல் முடியாது.

கடைசியாக விக்னெட். கேமரா ரா-வில் இருக்கும் Post Crop Vignetting இங்கே பயன்படாது. அதன் மையம் எப்போதும் படத்தின் மையம். உங்கள் பெண் வலப்பக்கம் நிற்கிறாள். அதைப் போட்டால் ஆள் இல்லாத தூண் வெளிச்சமாகி, அவள் தோள் மங்கும். அதற்குப் பதிலாக நீள்வட்டத் தேர்வுக் கருவியால் முகத்திலிருந்து இடுப்பு வரை மையமாக வைத்து, ஏறக்குறைய 3200 அகலம், 3600 உயரத்துக்கு ஒரு நீள்வட்டம் போடுங்கள். தேர்வு இருக்கும்போதே Curves லேயர் சேர்த்தால் அது மாஸ்க்காக வந்துவிடும். Ctrl+I போட்டுத் திருப்பி, Properties பேனலில் Feather 550 என்று வையுங்கள். அங்கே கொடுக்கும் Feather-ஐப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், தேர்விலேயே கொடுத்தால் மாற்ற முடியாது. வளைவு 128-க்கு 109, அதற்கு மேல் வேண்டாம். இதற்கும் Luminosity தான்.

நான்கு மூலையும் ஒரே அளவில் இருண்டால் அது விக்னெட் என்று பெயர் சொல்லித் தெரியும். முற்றத்திலிருந்து வெளிச்சம் வரும் இட மேல்மூலையில், மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷை Flow 10-இல் வைத்துப் பாதி அளவு அழித்துவிடுங்கள். வலது கீழ்மூலை மிகவும் இருண்டதாக இருக்கட்டும், வெளிச்சம் வரும் இடத்திலிருந்து தூரமான மூலை அதுதான். பெண்ணின் பாதமும் சேலை ஓரமும் இந்த விக்னெட்டில் கொஞ்சம் மங்கும். அதை மாஸ்க்கில் அழித்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள், பழைய சிக்கல் அப்படியே திரும்பி வந்துவிடும். ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு விரியும் படம் என்றால் பக்கங்களைப் பிரிப்பதற்கு முன்பே விக்னெட்டைப் போட்டுவிடுங்கள். பிரித்தபின் போட்டால் நடு மடிப்பில் இருட்டுப் பட்டை வரும்.

அகலமான கிரேடியண்ட் வெறும் சுவரில் படிப்படியாகப் பட்டை பட்டையாகத் தெரிந்தால், ஃபைல் 8 பிட்டில் இருக்கிறது என்று பொருள். தொடக்கத்திலேயே 16 பிட்டுக்கு மாற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள். பாதியில் மாற்றினாலும் வளைவு லேயர்கள் புதிதாகக் கணக்கிடப்படுவதால் ஓரளவு சரியாகும். எல்லாவற்றுக்கும் மேலே 50% சாம்பல் நிரப்பிய Overlay லேயரில் Add Noise 3%, Gaussian, Monochromatic கொடுத்தால் பட்டை உடையும். அதோடு ஸ்டூடியோ கேமராவின் சுத்தமும் வளவில் எடுத்த படத்தின் குறுணையும் ஒன்றுபோலாகும். அழைப்பிதழுக்காக வாட்ஸ்அப்பில் போகும் பிரதியில் அமுக்கம் இந்தக் குறுணையைத் தின்றுவிடும். அந்தப் பிரதிக்கு மட்டும் விக்னெட் லேயரின் Opacity-ஐ 60-க்குக் குறைத்து அனுப்புங்கள்.

அச்சில் இருட்டு எப்போதும் திரையைவிட அதிகமாகத் தெரியும், மேட் தாளில் இன்னும் கூடுதலாக. திரையின் பிரகாசம் முழுவதும் ஏற்றி வைத்திருந்தால் நீங்கள் நினைப்பதைவிட ஒரு ஸ்டாப் அதிகமாகவே இருட்டாக்கியிருப்பீர்கள். சதுர மீட்டருக்கு 100 கேண்டலா அளவுக்கு இறக்கி வேலை செய்யுங்கள். வலது கீழ்மூலையில் L 12-க்குக் கீழே போனால் சேலைக் கரையின் நெசவு அச்சில் காணாமல் போகும். முழு ஆல்பம் போவதற்கு முன், சேலைக் கரையும் மூலைச் சுவரும் சேர்ந்து வரும் ஒரு துண்டை மட்டும் 4 × 6 அங்குலத்தில் அதே தாளில் அடித்துப் பாருங்கள். கரையில் நூல் வேலை தெரிந்தால் அளவு சரி. தெரியவில்லை என்றால் மேல் அடுக்கு பர்னைத் தொடாமல் விக்னெட்டை மட்டும் குறையுங்கள், ஏனென்றால் பர்ன் பெண்ணைத் தரையோடு சேர்த்து வைத்திருக்கிறது, விக்னெட் ஓரத்தை அடக்குவதோடு சரி.